இதயத்தைத் தளர விடுவதும் மருந்தின் வேலைதான்

"இதயத்துக்கு வலுக் கொடுக்கும் மருந்து" என்ற சொற்றொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிறு உறுத்தல் ஏற்படும். உடலியங்கியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் அந்தச் சொற்றொடர் பாதிக் கதையை மறைத்துவிடுகிறது என்று கருதுகிறேன். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை நேரடியாகத் தசைக்கு வலு ஊட்டுவதில்லை. செல்லுக்குள் கால்சியம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதையே அவை மாற்றுகின்றன. வந்த கால்சியம் அடுத்த துடிப்புக்குள் அகன்றாக வேண்டும். அகலும் வழியைப் பார்க்காமல் ஒரு மருந்தை எடைபோடுவது தவறு என்பதே என் கருத்து.

முதலில் நுழைவு. எலும்புத்தசை, வெளியிலிருந்து கால்சியம் வராவிட்டாலும் தன் உள்கிடங்கைக் கொண்டே சுருங்கிவிடும். இதயத் தசைக்கு அது முடியாது. 1883-இல் சிட்னி ரிங்கர் தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார்; லண்டன் குழாய்நீரில் கரைத்த உப்பில் நன்றாகத் துடித்த இதயம், வாலைவடிநீரில் கரைத்த உப்பில் ஓய்ந்துபோனது. குழாய்நீரில் இருந்த சிறிதளவு கால்சியமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று அவர் கண்டறிந்தார். ஒரு கரைசல் தயாரிப்பில் நேர்ந்த பிசகிலிருந்து இவ்வளவு பெரிய உண்மை வெளிவந்ததை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

மின்தூண்டல் செல்லின் சவ்வு வழியே பரவும்போது, அதன் உட்குழிந்த நுண்குழாய்களில் உள்ள எல் வகைக் கால்சிய வாயில்கள் திறக்கின்றன. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால், வாயில் திறந்த கணத்தில் அது உள்ளே பாய்கிறது. ஆனால் அப்படி வருவது கொஞ்சம்தான். அதன் முதன்மையான வேலை தகவல் சொல்வது. வாயிலுக்கு மிக அருகில், செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவுகளான ரயனோடின் ஏற்பிகளை அது திறந்துவிடுகிறது, கிடங்கிலிருந்து பெருமளவு கால்சியம் கொட்டுகிறது, செல்லுக்குள் அதன் அளவு சுமார் 10 மடங்கு உயர்கிறது. அந்தக் கால்சியம் தசை இழையில் உள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தின் மீது அமர்ந்ததும், இழைகளை மறைத்திருந்த மற்றொரு புரதம் விலகி, மயோசின் இழை ஆக்டின் இழையைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையில் கனமான பொருளைத் தூக்கும்போது உடல் கூடுதல் தசை நார்களை வேலைக்கு அழைத்துக்கொள்கிறது. இதயத்தில் அந்த வசதி இல்லை, ஏனெனில் ஒவ்வொரு துடிப்பிலும் எல்லாச் செல்களும் ஏற்கெனவே சுருங்குகின்றன. ஆனால் ஓய்வு நிலைத் துடிப்பில் ட்ரோபோனின்கள் அனைத்தும் கால்சியத்தால் நிரம்புவதில்லை. அந்த எஞ்சிய இடம்தான் சுருங்கு விசையைக் கூட்டும் மருந்துகளுக்குக் கிடைக்கும் இடம்.

இனித் தளர்வு. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு சுற்றுக்கு 0.8 விநாடிதான் உண்டு. துடிப்பு 150 ஆனால் அது 0.4 விநாடியாகச் சுருங்கும். அதற்குள் கால்சியம் அகல வேண்டும். பெரும்பகுதியைச் செர்கா என்னும் பம்பு ஆற்றலைச் செலவழித்துக் கிடங்குக்குள் திருப்பி அனுப்புகிறது. மீதியில் பெரும்பங்கைச் சவ்வில் உள்ள பரிமாற்றி வெளியேற்றுகிறது. அது 3 சோடியம் அயனிகளை உள்ளே விட்டு, ஒரு கால்சியம் அயனியை வெளியே தள்ளுகிறது. ஆகவே தளர்வு என்பது தசை சும்மா இருப்பதல்ல, அதுவும் ஆற்றல் கேட்கும் வேலை.

சுருங்கு விசையைக் கூட்டும் மருந்தான டோபியுடமின் இந்த இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. செல்லின் சவ்வில் உள்ள பீட்டா ஏற்பியில் அமர்ந்து, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூற்றைக் கூட்டுகிறது. அதன் விளைவாகக் கால்சிய வாயில்கள் அதிகம் திறக்கின்றன, செர்காவை அடக்கிவைத்திருக்கும் ஃபாஸ்ஃபோலம்பான் என்ற தடையும் தளர்கிறது. பம்பு விரைவாக ஓடுவதால் இதயம் வேகமாகத் தளர்கிறது, கிடங்கும் அடுத்த துடிப்புக்கு நன்றாக நிரம்புகிறது. மில்ரினோன் என்ற மருந்து ஏற்பியைத் தொடாமல், அதே சைக்ளிக் ஏஎம்பி சிதைவதைத் தடுக்கிறது. எனவே பீட்டா தடுப்பு மருந்து உட்கொண்டு வரும் நோயாளியிடம் டோபியுடமின் திணறும்போதும் இதற்கு வழி இருக்கும். இவ்வளவு அழகான இயங்குமுறைக்கும் விலை உண்டு. 1991-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மில்ரினோனை மாத்திரையாகத் தொடர்ந்து கொடுத்தபோது இறப்பு 28 சதவீதம் அதிகரித்தது. நோயுற்ற செல்லைச் சில நாள் உந்துவதும் பல மாதம் உந்துவதும் ஒன்றல்ல.

டிஜாக்சின் வேறு வகை. அது சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பைத் தடுக்கிறது. உள்ளே சோடியம் சற்றே கூடியதும் பரிமாற்றிக்குக் கால்சியத்தை வெளியே தள்ளுவது கடினமாகிறது. தங்கிப்போன கால்சியம் கிடங்கில் சேர்ந்து, அடுத்த துடிப்பில் கூடுதலாக வெளிவருகிறது. அதாவது, இந்த மருந்தின் பலனே வெளியேறும் வழியைக் கொஞ்சம் அடைப்பதில்தான் இருக்கிறது. அதன் தீங்கும் அங்கேயே பிறக்கிறது.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 74 வயது, இதயச் செயலிழப்பு, சிறுநீரகம் ஓரளவு மந்தம். டிஜாக்சினுடன் கால் வீக்கத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு மருந்தும் உட்கொள்கிறார். சில நாட்களாகக் குமட்டல், பசியின்மை. இசிஜியில் ஒவ்வொரு இயல்பான துடிப்புக்குப் பின்னும் கீழறையிலிருந்து ஒரு கூடுதல் துடிப்பு. இரத்தத்தில் டிஜாக்சின் மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராம், 2 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும் ஆய்வகத் தாளைப் பார்த்து, மருந்து காரணமில்லை என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. ஆனால் பொட்டாசியம் 2.9தான், இயல்புக்குக் கீழே. பம்பில் பொட்டாசியமும் டிஜாக்சினும் போட்டியிடுகின்றன. ஃபுரோசமைடு பொட்டாசியத்தைக் குறைத்துவிட்டதால் அதே அளவு டிஜாக்சின் இப்போது கூடுதல் பம்புகளைப் பிடித்துக்கொள்கிறது. அளவுக்கு மேல் நிரம்பிய கிடங்கு, இதயம் தளர்ந்திருக்கும் நேரத்திலேயே கால்சியத்தைக் கசியவிடுகிறது. பரிமாற்றி அதை வெளியேற்ற முனையும்போது, மூன்று நேர்மின்னூட்டம் உள்ளே வர, இரண்டு மட்டுமே வெளியே போகிறது. எஞ்சும் அந்த ஒரு மின்னூட்டம் சவ்வைத் தூண்டல் வரம்புக்குத் தள்ளினால், அழையாத துடிப்பு ஒன்று பிறக்கிறது. இசிஜியில் தெரிந்தது அதுதான்.

டிஜாக்சினை நிறுத்த வேண்டும். பொட்டாசியத்தையும், குறைந்திருந்தால் மெக்னீசியத்தையும் ஈடுசெய்ய வேண்டும். நிலைமை உயிருக்கு ஆபத்தானால் டிஜாக்சினைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைச் செலுத்த வேண்டும். பொட்டாசியம் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். ஆனால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தாலே டிஜாக்சின் பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். இவரிடம் இன்னும் அதிகம். ஆகவே இசிஜி ஒருமுறை சீராகத் தெரிந்ததும் அவரைக் கண்காணிப்பிலிருந்து எடுத்துவிடக் கூடாது.