எத்தனை முகம் என்பதோடு எத்தனை ஆள் என்றும் சொல்லட்டும்

பார்வையற்றவர்களுக்கான கேமரா வசதி என்றாலே எல்லோரும் பாராட்டுவது, "போனைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்துங்கள்" என்று வழிகாட்டும் குரலைத்தான். 2022-ல் கூகுளின் பிக்சல் 7 போனில் வந்த கைடட் ஃப்ரேம் அப்படித்தான் வேலை செய்கிறது. முகம் சரியான இடத்துக்கு வந்ததும் தானே எண்ணிப் படத்தையும் எடுத்துவிடும். செல்ஃபிக்கு அது அருமை. ஆனால் வீட்டில் நான் எடுப்பது பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்த படம். அதில் எனக்குத் துணை முக எண்ணிக்கைதான்.

ஐபோனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் ஓடும்போது கேமராவைத் திறந்து பிடித்தால், எத்தனை முகம் தெரிகிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும். போன தீபாவளிக்கு அக்கா, மச்சான், பிள்ளைகள் இருவரும் சோஃபாவில் உட்கார்ந்தார்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் போன் சாயாது. "மூன்று முகம்" என்றது. ஒரு எட்டு பின்னால் போனேன், நான்கு ஆனது. கணக்கு சரிதானே என்று அழுத்தியிருப்பேன். ஆனால் சோஃபாவுக்கு மேலே மாலை போட்ட தாத்தா படம் இருக்கிறது. சட்டத்துக்குள் இருக்கும் முகமும் கேமராவுக்கு முகம்தான். விசாரித்தால், சின்னவன் குனிந்து புது வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முகம் கணக்கில் வரவே இல்லை, தாத்தா வந்துவிட்டார். அவனை நிமிரச் சொன்னதும் ஐந்து என்றது.

அதனால் இப்போதெல்லாம் ஆட்கள் உட்காரும் முன்பே காலி சோஃபாவை நோக்கிப் பிடித்துப் பார்த்துவிடுகிறேன். அப்போதே "ஒரு முகம்" என்றால், பிறகு சொல்லும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் போனைச் சற்றுத் தாழ்த்தி, சுவர்ப்படத்தை வெளியே விட்டுவிடலாம். கழித்த பிறகும் ஒன்று குறைந்தால் பக்கவாட்டில் திரும்பியவர், குனிந்தவர், ஓரத்தில் வெட்டுப்படுபவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுபோய், அதனாலும் எண்ணிக்கை குறையும். காரணம் இதில் எது என்று போன் சொல்லாது.

இங்கேதான் என் ஆதங்கம். முகம் தெரியாவிட்டாலும் உடம்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வசதி ஐபோனிலேயே இருக்கிறது. 2020-ல் ஐபோன் 12 ப்ரோவில், ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் சென்சார் வந்தது. அதை வைத்து மேக்னிஃபையர் செயலி, எதிரே ஆள் இருக்கிறாரா, எத்தனை தூரத்தில் என்று சொல்கிறது. தெருவில் நடக்கும்போது உதவும் அந்தக் கணக்கைக் கேமராவிலும் சேர்த்து, "நான்கு ஆட்கள், மூன்று முகங்கள், இடமிருந்து இரண்டாவது ஆளின் முகம் தெரியவில்லை" என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! யாரை நிமிரச் சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரிந்துவிடும். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்க வேண்டியதில்லை.