மேல் இமையில் வளரும் சிவப்பு மச்சம்

"என் இரண்டு மாதப் பெண் குழந்தையின் மேல் இமையில் சிவப்பு மச்சம் ஒன்று வளர்கிறது. முதுகிலும் நீலத் திட்டு உள்ளது. தானாக மறையும் என்கிறார்கள், காத்திருக்கலாமா?"

முதுகுத் திட்டுக்குக் காத்திருக்கலாம். பிறந்ததிலிருந்தே இருந்து, தட்டையாக, தொட்டால் வலிக்காமல் இருக்கும் அத்தகைய திட்டு பெரும்பாலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். பின்னாளில் யாரும் அதை அடிபட்ட காயம் என்று எண்ணாதிருக்க, மருத்துவக் குறிப்பேட்டில் இப்போதே பதியச் சொல்லுங்கள்.

இமை மச்சத்துக்குத் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஸ்ட்ராபெரி மச்சம் எனப்படும் இந்த இரத்தக்குழாய்க் கட்டி, பிறந்த சில வாரங்களில் தோன்றி, முதல் மூன்று மாதங்களில் மிக வேகமாக வளர்ந்து, அதன்பின் பல ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும் என்பது உண்மையே. ஆனால், அது சுருங்கும்வரை கண் காத்திருக்காது. கட்டி இமையைக் கீழே இறக்கினாலோ விழியை அழுத்தினாலோ, அந்தக் கண்ணிலிருந்து தெளிவான காட்சி கிடைக்காத மூளை அதைப் புறக்கணிக்கப் பழகி, சோம்பேறிக் கண் என்னும் பார்வைக் குறை நிலைத்துவிடக்கூடும்.

இந்த வாரமே குழந்தைகள் கண் மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் காட்டுங்கள். கட்டியைச் சுருக்கும் வாய்வழி மருந்தான புரோப்ரனோலால் கொடுக்கச் சொன்னால், பால் குடிக்கும் வேளையிலோ குடித்த உடனேயோ கொடுங்கள். குழந்தை பால் குடிக்காத நாளிலும் வாந்தி எடுக்கும் நாளிலும், இரத்தச் சர்க்கரை ஆபத்தாகக் குறையக்கூடும் என்பதால், மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.