காதுல விழுந்த வார்த்தைதான் விடைன்னு யாருங்க சொல்லிக்கொடுத்தது?

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுல லிஸனிங்குக்குத் தயாராகிறவங்ககிட்ட "கீவேர்டைப் பிடி, அது ஆடியோவுல வந்ததும் டிக் பண்ணு"ன்னு இன்னமும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. கேட்டாலே பத்திக்கிட்டு வருது. முதல் பகுதியில பெயர், தேதி, போன் நம்பர் எழுதுற இடத்துல அது ஓரளவு உதவும். மூணாவது பகுதியில அதை நம்பிப் போனா குழியிலதான் விழணும். அங்க ரெண்டு பேர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் பேசுவாங்க, பெரும்பாலும் மாணவர்களும் ஆசிரியரும். ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். பலவுள் தெரிவுக் கேள்வின்னா, கொடுத்திருக்கிற மூணு விடையுமே ஏதோ ஒரு வடிவத்துல பேச்சுல வந்துடும். மூணும் காதுல விழுது, அப்ப எந்தக் கீவேர்டைப் பிடிப்பீங்க?

ஒரு மாதிரி பாருங்க. கேள்வி: தங்கள் பிரசென்டேஷன்ல எதை மாத்தலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்றாங்க? அ) ஸ்லைடு எண்ணிக்கை. ஆ) வரைபடம் சேர்ப்பது. இ) பகுதிகளின் வரிசை.

பையன் ஆரம்பிக்கிறான்: "ஸ்லைடு ரொம்ப அதிகம், குறைச்சிடலாம்." அவள்: "இருபது வரைக்கும் போகலாம்னு சார் சொன்னாரே, நம்மகிட்ட பதினஞ்சுதான் இருக்கு." அவன்: "ஓ, அப்ப சரி." அடுத்து அவள்: "சர்வே முடிவுக்கு ஒரு வரைபடம் போடலாமா?" அவன்: "அது ஹேண்ட்அவுட்லயே இருக்கே." "ஆமால்ல" என்கிறாள். கடைசியா அவள்: "எப்படி ஆய்வு பண்ணோம்னு சொல்றதுக்கு முன்னாடியே என்ன கண்டுபிடிச்சோம்னு சொல்லிட்டா?" அவன் இழுக்கிறான்: "ம்ம்... முறையை முதல்ல சொல்றதுதானே வழக்கம்... ஆனா அதுக்குள்ள கேக்கறவங்க தூங்கிடுவாங்க." "அதேதான்!"

விடை இ. 'வரிசை'ங்கற சொல் எங்கயாவது வந்துச்சா? வரலை. ஸ்லைடும் வரைபடமும் பளிச்சுன்னு அப்படியே காதுல விழுந்துச்சு, ரெண்டும் தப்பு. கேள்வி எழுதறவங்க வேணும்னேதான் இப்படி வைக்கிறாங்க: தப்பான விடையை அதே வார்த்தையில பேச வைப்பாங்க, சரியானதை வேற வார்த்தையில ஒளிச்சு வைப்பாங்க. இது தெரியாம "எனக்குக் காது சரியில்லை"ன்னு பிள்ளைங்க தங்களையே நொந்துக்கறாங்களே, அதைத்தான் தாங்க முடியலை.

இங்க கவனிக்க வேண்டியது யோசனையை இல்லைங்க, அதுக்கு அடுத்தவர் கொடுக்கிற பதிலை! 'அப்ஸல்யூட்லி'ன்னா சம்மதம், அதுல குழப்பமில்லை. 'ஐ சப்போஸ் ஸோ'ன்னா அரைமனசுச் சம்மதம். 'ஐ ஸீ வாட் யூ மீன்'னு ஆரம்பிச்சா பின்னாடி ஒரு 'பட்' வருதான்னு காத்திருங்க, பல நேரம் அது மறுப்போட முன்னுரை. அதனால விடை காதுல விழுந்த உடனே டிக் அடிக்காதீங்க. ஆப்ஷன் பக்கத்துல யோசனை சொன்னவரோட முதல் எழுத்தைப் போடுங்க. மத்தவர் ஏத்துக்கிட்டா ஒரு கோடு, மறுத்தா ஒரு பெருக்கல் குறி. பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவின பிறகு முடிவு பண்ணுங்க. கேள்விகள் ஆடியோ வரிசையிலதான் வரும், அதனால ஒண்ணு தவறிப்போனா குத்துமதிப்பா ஒண்ணைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க. தப்பு விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டாங்க.

ஆடியோ தொடங்குறதுக்கு முன்னாடி கேள்வியில 'ரெண்டு பேரும்'னு இருக்கா, ஒருத்தர் பேர் மட்டும் இருக்கான்னு வட்டம் போட்டு வைங்க. ஒருத்தரோட கருத்தைக் கேட்டிருந்தா மத்தவர் கருத்து எவ்வளவு அழகா இருந்தாலும் அது பொறிதான்.

இன்னொரு கொடுமை, பயிற்சி பண்ற விதம். தினம் ஒரு மாதிரித் தேர்வு, விடைத்தாளைப் பார்த்து நாப்பதுக்கு இருபத்திமூணுன்னு எழுதி வச்சுட்டு மறுநாள் அடுத்த தேர்வு. இப்படி ஐம்பது தேர்வு எழுதினாலும் அதே இருபத்திமூணுலதான் நிப்பீங்க! தப்பான கேள்விக்கு ஆடியோவோட எழுத்து வடிவத்தை எடுத்துப் படிங்க. படிச்சும் தப்பு விடைதான் சரின்னு தோணுச்சுன்னா, பிரச்சினை காதுல இல்லை, பேச்சோட போக்கைப் பிடிக்கிறதுல. படிச்ச உடனே சரியான விடை புரிஞ்சிடுச்சுன்னா, ஓடுற பேச்சுல சொற்கள் ஒட்டிக்கிட்டதுதான் சிக்கல். அந்த இருபது விநாடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, காதுல விழுறதை எழுதிப் பாருங்க. ரெண்டுக்கும் மருந்து வேற. ரெண்டு பேருக்கும் "நிறைய ஆங்கிலப் படம் பாருங்க"ன்னு ஒரே பதிலைச் சொல்லி அனுப்புறது அநியாயம்.

எழுத்து வடிவம் கையில இருக்கும்போதே தப்பான ரெண்டு ஆப்ஷனையும் எந்த வரி வெட்டிச்சுன்னு தேடி அடிக்கோடு போடுங்க. மேல சொன்ன உரையாடல்ல "நம்மகிட்ட பதினஞ்சுதான் இருக்கு", "ஹேண்ட்அவுட்லயே இருக்கே", இந்த ரெண்டு வரிதான். ஒரு உரையாடலுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆகட்டும். அடுத்த தேர்வை அதுக்கப்புறம் திறங்க.