பாசி படியாத கல்லும் முப்பத்தோரு ஆண்டுகளும்

டீச்சரின் பாராட்டு மலர் வெளியாகிப் பத்து நாட்கள் ஆகின்றன. அதில் ஓர் ஆங்கிலப் பழமொழியைத் தமிழாக்கியது தவறு என்று நான் எழுதிய இரண்டு வரிக் கருத்துக்கு வந்த பதில்களைப் படித்த பிறகு, விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலர்க்குழுவில் உள்ளவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். யார் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை.

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில், ஒரே பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற டீச்சருக்கான பாராட்டு மலர் அது. வெளிநாட்டில் இருக்கும் அவருடைய பழைய மாணவர் ஆங்கிலத்தில் வாழ்த்து அனுப்பியிருந்தார். உருளும் கல்லைப் பற்றிய ஆங்கிலப் பழமொழியைச் சொல்லி, "எங்கள் டீச்சர் உருளவில்லை, அதனால்தான் இவ்வளவும் சேர்ந்தது" என்ற கருத்தில் நெகிழ்ந்து எழுதியிருந்தார். தமிழில் அது இப்படி அச்சாகிவிட்டது: "உருளும் கல்லில் பாசி படியாது. நம் ஆசிரியை உருளாத கல்." இதைப் படித்த எந்தத் தமிழருக்கும் அடுத்து மனத்தில் எழும் வாக்கியம் ஒன்றுதான்: அப்படியென்றால் அவர் மேல் பாசி படிந்துவிட்டது.

டீச்சரே என்னிடம் தொலைபேசியில் கேட்டார்: "ஏன் சார், நான் பாசி புடிச்சுப் போய்ட்டேன்னா எழுதியிருக்காங்க?" அந்தக் குரலைக் கேட்டவர்கள் யாரும் இதை "சின்ன மொழிபெயர்ப்பு விஷயம்" என்று சொல்லமாட்டார்கள்.

சொல் ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கிறது. கல் கல்தான், பாசி பாசிதான். தவறு சொல்லில் இல்லை, பாசியின் மதிப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்பழமொழி 1546இலேயே ஜான் ஹேவுட்டின் தொகுப்பில் அச்சேறிவிட்டது. அங்கே பாசி என்பது ஓரிடத்தில் நிலைத்திருப்பவனிடம் மெல்ல வந்து சேரும் செல்வம், உறவு, மதிப்பு. நமக்கோ பாசி என்றால் வழுக்கல், தேக்கம், கவனிப்பாரற்ற குளம். இன்று நேற்று வந்த எண்ணமும் அன்று இது. குறுந்தொகை 399ஆம் பாடலில் பரணர், காதலன் தொடும்போது விலகி, விட்டால் பரவும் பசலைக்கு உவமையாகச் சொன்னது ஊர்க்கேணியின் பாசியைத்தான். அங்கேயும் பாசி துன்பத்தின் படலமே.

ஏற்காட்டில் என் அப்பா காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். குடியிருப்புக்கு இறங்கும் கருங்கல் படிகளில் ஐப்பசி மழைக்குப் பச்சை ஏறிவிடும். சவுக்கு மரங்களின் நிழலில் வெயிலே படாது. அம்மா சுண்ணாம்பைத் தூவி, தேய்ந்த தென்னந்துடைப்பத்தால் ஒவ்வொரு படியாகத் தேய்ப்பார். ஒரு நாள் தேய்க்கத் தவறிய மூன்றாம் படியில் அப்பா வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் சம்பளம் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவனிடம் "பாசி படிவது நல்லது" என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்த மலைக் கிராமத்தில் மலரைக் கையில் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு படி இருக்கும்.

"மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது நேராக மொழிபெயர்த்து வந்ததுதானே, அது நிலைக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நிலைத்ததன் காரணம், பொன்னுக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே மதிப்பு. உவமைப் பொருளின் மதிப்பு இரண்டு மொழியிலும் ஒன்றாக இருந்தால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் பொருள் பிழைத்துக்கொள்ளும். பாசியில் அது தலைகீழாகிறது.

"ஆங்கிலத்திலேயே இன்று பலர் பாசியைக் கெட்டதாக எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டே இரு என்று பொருள் சொல்கிறார்களே" என்றார் இன்னொருவர். உண்மைதான், அந்தப் பொருளும் புழக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் முதலில் பேசியவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று பார்க்க வேண்டும் என்கிறேன். வாழ்த்தின் அடுத்த வரியிலேயே "இவ்வளவும் சேர்ந்தது" என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் ஐயம் எங்கிருந்து வரும்?

நான் எப்படிச் செய்வேன் என்று கேட்டவர்களுக்காக: பழமொழியை முதலில் உவமை இல்லாத வெறும் வாக்கியமாக்கிக்கொள்வேன். "ஓரிடத்தில் நில்லாதவனுக்கு ஒன்றும் சேராது." பிறகு, இது புகழ்ச்சியா இகழ்ச்சியா, யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கேட்பேன். அதன் பிறகுதான் தமிழில் தேடுவேன். அகரவரிசையில் தேடினால் கல்லில் தொடங்கும் பழமொழிதான் கிடைக்கும், கருத்து கிடைக்காது. 1897இல் ஜென்சன் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்துத் தொகுத்தார். தேட வேண்டிய முறை அதுதான்.

அப்படித் தேடினால் முதலில் வந்து நிற்பது "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்." செவ்வாய்ப்பேட்டையில் என் மாணவன் ஒருவன் கொலுசுப் பட்டறையில் ஒன்பது மாதம், தறியில் ஆறு மாதம், மாம்பழ மண்டியில் ஒரு பருவம் என்று மாறிக்கொண்டே இருந்தான். அவனுக்கு இது அப்படியே பொருந்தும். இதைவிட நல்லது அடுத்ததாக வரும் என்று பார்த்துப் பார்த்தே எதையும் முடிக்காதவன் அவன். டீச்சருக்கு இது பொருந்தாது. இப்பழமொழி தேர்வு செய்யத் தெரியாதவனைக் குறை சொல்வது. அதைத் திருப்பிப் போட்டு "ஒரே மரத்தை வெட்டியவர்" என்றால், சவுக்கும் பலாவும் வளர்த்த மலையில் அது பாராட்டாகவே ஒலிக்காது.

"எறும்பூரக் கல்லும் தேயும்" என்று ஒரு தம்பி பரிந்துரைத்திருந்தார். முயற்சிக்கு மிகப் பொருத்தம், ஆனால் அங்கே பேசப்படுவது தேய்வது. வாழ்த்தியவர் பேசியது சேர்வதை. நிகரான பழமொழி கிடைக்காத இடத்தில் பழமொழியையே விட்டுவிடுவது குற்றமில்லை. பொருளை நல்ல தமிழில் சொல்லிவிட்டால் போதும்.

"அந்நிய உவமையை அப்படியே தருவதுதான் நேர்மை" என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஒரு கதையில் கதாபாத்திரம் அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பேசினால் கல்லை வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்துக்கொள்வேன். இது ஒரு பெண்மணியின் வாழ்நாள் உழைப்புக்கு எழுதிய நன்றி. அவர் அதைப் படித்து அழுதது நன்றியால் இல்லை.

மொழிபெயர்த்த இளைஞரை நான் அவமதிப்பதாகவும், ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் வகுப்பெடுத்தவன் ஒரு வரியைத் திருத்தச் சொல்வது பொழுதுபோக்கு இல்லை. அவரிடம் கேட்பதும் ஒன்றுதான்: எழுதிய வரியை டீச்சரை எதிரில் உட்கார வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால், இது அச்சுக்குப் போயிருக்குமா?

மறுபதிப்பு வருகிறது என்றார்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பதிலாக நான் எழுதி அனுப்பியிருப்பது இது: "ஊர் ஊராக மாறிப் போகாமல் இந்த மண்ணிலேயே வேர் விட்டவர் எங்கள் டீச்சர். அந்த நிழலில் இரண்டு தலைமுறை உட்கார்ந்து படித்திருக்கிறது." நேற்று மாலை டீச்சருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.