ஐந்து நண்பர்களில் ஒருவனுக்கு மட்டும் ஏன்?

கஞ்சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. இழுத்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறது ஒன்று. எத்தனையோ பேர் இழுக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்கிறது மற்றொன்று. மனநல மருத்துவப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கு இவ்விரண்டுமே பாதி உண்மைகளாகத்தான் தெரிகின்றன. தங்கள் பிள்ளைக்கு இதில் எவ்வளவு ஆபத்து என்று கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டுமே பயன்படுவதில்லை.

அடையாளங்களை மாற்றி ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கு 19 வயது. 15 வயதில் தொடங்கிய பழக்கம், கடைசி ஓராண்டில் அன்றாடப் பழக்கமாகியிருந்தது. முதலில் மடிக்கணினியின் கேமராவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, எதிர் வீட்டில் விளக்கு அணைவது தனக்கான சைகை என்று நம்பத் தொடங்கி, ஒவ்வோர் இரவும் அது அணையும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தான். அவனோடு சேர்ந்து அதே பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்ட நால்வருக்கும் எதுவும் நேரவில்லை. "இவனுக்கு மட்டும் ஏன் டாக்டர்?" என்று அவன் அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் கிடையாது.

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது, பெறும் அணு "போதும், குறைத்துக்கொள்" என்று அனுப்பிய அணுவுக்கே திருப்பிச் சொல்லும் ஓர் ஏற்பாடு மூளையில் இயல்பாகவே உண்டு. அது தேவையான இடத்தில், தேவையான நொடியில் மட்டும் இயங்கும். கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி, அதே பொத்தானை மூளை முழுவதும், மணிக்கணக்கில் அழுத்திப் பிடிக்கிறது. இதனால் டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஒழுங்கு குலைகிறது. கண்ணில் படும் ஆயிரம் விஷயங்களில் "இது முக்கியம், கவனி" என்று முத்திரை குத்துவது டோபமைனின் வேலைகளில் ஒன்று. முத்திரை தவறான இடத்தில் விழும்போது, அணையும் விளக்கும் அர்த்தம் நிறைந்ததாகத் தோன்றுகிறது. மனம் சும்மா இருக்காது. அந்த அர்த்தத்துக்கு ஒரு கதையைக் கட்டிவிடும். அந்தக் கதை எந்தச் சான்றுக்கும் அசையாத நம்பிக்கையாக இறுகி, யதார்த்தத்தோடு இருந்த பிடி நழுவும் நிலையைத்தான் சைக்கோசிஸ் என்கிறோம்.

2004இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், மனநோய் ஏதுமற்ற தன்னார்வலர்களுக்கு டிஎச்சியை நரம்பில் செலுத்திப் பார்த்தார்கள். சந்தேகமும் சிந்தனைக் குழப்பமும் தோன்றின. சில மணி நேரத்தில் மறைந்தும் போயின. ஆகவே தற்காலிகமாக இந்த நிலையை உண்டாக்கும் ஆற்றல் இந்தப் பொருளுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. சிலருக்கு மட்டும் அது ஏன் மறையாமல் தங்கிவிடுகிறது என்பதே விளங்க வேண்டியது. வயது ஒரு காரணம். தீர்ப்புக்கும் நிதானத்துக்கும் பொறுப்பான முன்மூளை, இருபதுகளின் நடுப்பகுதி வரை தேவையற்ற இணைப்புகளைக் கழித்துத் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வேலையின் நடுவில்தான் டிஎச்சி புகுகிறது. பரம்பரை மற்றொரு காரணம். இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. சிறுசிறு விளைவுள்ள ஏராளமான மரபணு வேறுபாடுகளின் கூட்டு அது.

ஏற்கெனவே நோய் தொடங்கியவர்கள்தானே மன உளைச்சலுக்காகக் கஞ்சாவைத் தேடுகிறார்கள் என்பது நியாயமான எதிர்வாதம். அதை ஒதுக்கிவிட முடியாது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் ஒரே ஆண்டில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. 15 வயதுக்குள் கஞ்சாவைப் பயன்படுத்தியவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு 26 வயதில், சைக்கோசிஸ் நீடித்துத் தங்கும் நோயான மனச்சிதைவை ஒத்த கோளாறு இருந்தது. மற்றவர்களில் அது 3 சதவீதம். ஆனால் 11 வயதிலேயே விசித்திரமான அனுபவங்கள் இருந்ததாகச் சொன்ன குழந்தைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது அந்த இடைவெளி சுருங்கியது. அதாவது எதிர்வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மையும் அதில் இல்லை. கஞ்சா தனியாக நோயை உருவாக்குகிறது என்பதைவிட, ஏற்கெனவே சாய்ந்திருக்கும் சுவரை அது தள்ளுகிறது என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

இனி ஆபத்தை எடைபோடுவதற்கு வருகிறேன். ஸ்வீடனில் 1969–70இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, 50 முறைக்கு மேல் கஞ்சாவைப் பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று 1987இல் சொன்னது. மற்ற காரணங்களைக் கழித்தபோது அந்த மடங்கு வெகுவாகக் குறைந்தது. தலைப்புச் செய்திக்கு ஆறு மடங்கு என்பதே போதும். ஆனால் அதிகம் பயன்படுத்திய அந்தக் குழுவிலேயே நோய்வாய்ப்பட்டவர்கள் சுமார் 3 சதவீதம்தான். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும் நண்பன், மீதி 97 பேரில் ஒருவனாக இருந்து உண்மையைத்தான் சொல்கிறான். அவன் அனுபவம் இவனுக்கு எதையும் உறுதி செய்யாது, அவ்வளவுதான்.

அந்த 3 சதவீதமும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதல்ல. குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாத, எப்போதாவது பயன்படுத்தும் 25 வயதுக்காரருக்கு ஆபத்து சிறியது. அதை மறைத்து மிரட்டினால், நாம் சொல்லும் மற்ற உண்மைகளையும் அவர் நம்ப மாட்டார். உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ மனச்சிதைவு இருந்தால், கஞ்சாவைத் தொடாமலேயே ஒருவருடைய வாய்ப்பு பொதுவான ஒரு சதவீத அளவிலிருந்து பத்து சதவீதத்தை நெருங்குகிறது. கஞ்சாவால் அது ஒன்றரை மடங்கானாலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். என் இளைஞனுடைய அண்ணன் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தான்; நண்பர்கள் நால்வரின் வீடுகளில் அப்படி யாரும் இல்லை.

அளவும் வீரியமும் அடுத்தவை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், டிஎச்சி 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கஞ்சாவை அன்றாடம் பயன்படுத்தியவர்களுக்கு, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிடச் சைக்கோசிஸ் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. இயற்கையான செடிதானே என்பவர்கள், செடியின் வீரியமே மாறிவிட்டதைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் சராசரி டிஎச்சி 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்து 2014இல் சுமார் 12 சதவீதமானது.

இவை எல்லாவற்றையும்விட நான் முதலில் கேட்பது ஒன்றுண்டு: போதை இறங்கிய மறுநாள், அந்தச் சந்தேகத்தைப் பற்றி அவன் என்ன சொல்கிறான்? "நேற்று ஏதோ உளறினேன்" என்று சிரித்தால் அது போதையின் விளைவு. ஆனாலும் அவன் மூளை இதற்கு எளிதில் இடம்கொடுக்கிறது என்பதற்கான குறிப்பு. தெளிந்த பிறகும் நம்பிக்கை அப்படியே இருந்தால், உறக்கம் குறைந்தால், நண்பர்களிடமிருந்து விலகினால், காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துவர வேண்டும். நோட்டில் நேரம் எழுதிய இளைஞன், கஞ்சா இல்லாத நாட்களிலும் எழுதிக்கொண்டிருந்தான்.

நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா என்று அவன் அம்மா கேட்டார். டென்மார்க்கில் கஞ்சாவால் சைக்கோசிஸ் என்று குறிக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவோ, மனநிலை அளவுகடந்த உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறும் இருதுருவக் கோளாறோ உறுதியானது. தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகம் என்பதும் வேறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எனவே நிறுத்துவது அவசியம், ஆனால் நிறுத்தியதோடு கண்காணிப்பு முடிவதில்லை என்றேன். இரண்டரை மாதம் மருந்து எடுத்துக்கொண்ட பிறகு அவன் வந்தபோது, எதிர் வீட்டு விளக்கைப் பற்றி நானே கேட்டேன். "அணையத்தான் அணைகிறது, சார். தூங்கப் போகிறார்கள் போல" என்றான். மூன்று மாதத்துக்குப் பிறகு மீண்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.