சிசேரியனுக்கு அப்புறம் இடைவெளி: மாதக் கணக்கு எங்கே தொடங்குகிறது?

"ரெண்டு வருஷம் கேப் விடும்மா" என்று சொல்லி அனுப்புவதோடு நம் ஆஸ்பத்திரிகளில் கடமை முடிந்துவிடுகிறது. எதிலிருந்து எதுவரை அந்த இரண்டு வருடம் என்று பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கும் எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன் என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. இத்தனை பெண்களுக்கும் வேண்டிய விஷயம் இது.

கணக்கு இரண்டு விதம். குழந்தை பிறந்த நாளிலிருந்து அடுத்த கரு தங்கும் வரை 24 மாதமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தையல் பிரிவது பற்றிப் பேசும்போது டாக்டர்கள் சொல்லும் 18 மாதமோ ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவில் உள்ளது. அதாவது, கரு தங்குவதற்கு முன் 9 மாதமாவது போயிருக்க வேண்டும். இது குறைந்தபட்சம்தான். முடிந்தவர்கள் 24 மாதத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகளுக்கு ஜனவரியில் சிசேரியன். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், மாதவிலக்கு திரும்பவில்லை. "பால் குடிக்கிற வரைக்கும் தங்காது" என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கும் வந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. ஆறு மாதம் முடிந்து கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்திருந்தாள். ஆகஸ்டில் கரு தங்கிவிட்டது. பிரசவம் மே மாதம். இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் 16 மாதம்தான்.

அவள் முதலில் கேட்டது, "தையல் பிரிஞ்சிடுமா சித்தி?" என்றுதான். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு முறை வெட்டித் தைத்திருந்தால், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலும்போது தழும்பு பிரிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான். இடைவெளி 18 மாதத்துக்கும் குறைந்தால் அது இரண்டு மூன்று மடங்காகலாம். அப்போதும் பெரும்பாலானோருக்குப் பிரிவதில்லை. ஆனால் பிரிந்தால் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து, நிமிடக் கணக்கில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். வலி எடுப்பதற்கு முன்பே நாள் குறித்து சிசேரியன் செய்தால் இந்த ஆபத்து மிகமிகக் குறைவு. அவளுக்கு 39-வது வாரத்தில் அப்படிச் செய்வதாக முடிவானது.

வயிற்றின் மேல் தெரியும் தழும்பு குறுக்காக இருந்தால் உள்ளேயும் அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். குறைமாதக் குழந்தை, குறுக்கே கிடந்த குழந்தை போன்ற சமயங்களில் கர்ப்பப்பையை நெடுக்காக வெட்ட வேண்டியிருக்கும். அந்தத் தழும்பு பிரியும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், அதற்கப்புறம் சுகப்பிரசவ முயற்சியே கூடாது. இது டிஸ்சார்ஜ் சம்மரியில் அல்லது ஆபரேஷன் குறிப்பில் மட்டும்தான் இருக்கும். எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள்.

பிரசவ வலி விட்டுவிட்டு வரும். நடுவில் விடாமல் தையல் பக்கம் வலித்துக்கொண்டே இருந்தாலோ, ரத்தம் போனாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஆனால் பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது குழந்தையின் இதயத் துடிப்பு மாறுவதுதான். அதனால்தான் துடிப்பைத் தொடர்ந்து கவனிக்கவும் உடனே ஆபரேஷன் செய்யவும் வசதியுள்ள இடத்தில் மட்டும் சுகப்பிரசவத்துக்கு முயல வேண்டும் என்கிறோம்.

தையல் பிரிவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், நஞ்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நஞ்சு கீழே இறங்கிப் பழைய தழும்பின் மேல் ஒட்டினால், அது தசைக்குள் வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளலாம். பிரசவத்தில் பிரியாமல் ரத்தம் கொட்டும், சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க நேரும். ஒவ்வொரு சிசேரியனுக்கும் இந்த ஆபத்து ஏறுகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் "நஞ்சு எங்கே இருக்கு, தழும்பு மேலயா?" என்று கேளுங்கள்.

இடைவெளிக்கு வழி ஆபரேஷன் டேபிளிலேயே இருக்கிறது. குழந்தையையும் நஞ்சையும் எடுத்த கையோடு காப்பர் டி வைத்துவிடலாம். "தையலைக் குத்திடும்" என்று பயப்படுகிறார்கள். அதை வைப்பது கர்ப்பப்பையின் உச்சியில், தையல் இருப்பது கீழே. ஆனால் முன்கூட்டியே பேசிச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும்.

நாள் தள்ளிப்போனால் மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுகிறார்களே, சிசேரியன் ஆனவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அபூர்வமாகக் கரு அந்தத் தழும்புக்குள்ளேயே தங்கிவிடும். அது தெரியாமல் மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். ஆறேழு வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, கரு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மற்றதை டாக்டரிடம் பேசுங்கள்.