கேபிள் தளத்தை நோக்கிச் சாயச் சாய இழுவிசையும் கூடும்

சென்னைக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: “கேபிள் பாலத்தில் தளத்தின் எடையைக் கேபிள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும், ஒரு கேபிளின் விசை கிடைத்துவிடும்.”

இது தவறு. வகுத்துக் கிடைப்பது கேபிள் மேல்நோக்கித் தூக்க வேண்டிய அளவு மட்டுமே. கேபிள் சாய்வாக இழுப்பதால், அதன் இழுவிசையில் ஒரு பங்குதான் தூக்க உதவுகிறது.

கோபுரத்தின் ஒரு பக்கம் 3 கேபிள்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 20 மீட்டர் தளத்தைத் தாங்குகிறது; மீட்டருக்கு 5 டன். ஆக, ஒவ்வொன்றும் தூக்க வேண்டியது 100 டன். இந்த எடை W, கேபிளின் இழுவிசை T, தளத்தோடு கேபிள் அமைக்கும் கோணம் θ என்றால் T = W / sin θ. கோபுரத்துக்கு அருகே 60° கேபிளில் சுமார் 115 டன், நடுவில் 45° கேபிளில் 141 டன், தொலைவில் 30° கேபிளில் 200 டன். தூக்குவது ஒரே எடை, ஆனால் கடைசிக் கேபிளின் இழுவிசை அதைப்போல் இரு மடங்கு!

மீதி இழுப்பு எங்கே போகிறது? அது தளத்தைக் கோபுரம் நோக்கி அழுத்துகிறது. அளவு W / tan θ: முறையே 58, 100, 173 டன். இவை சேர்ந்துகொண்டே வருவதால் கோபுரத்தருகே தளம் 331 டன் அழுத்தம் தாங்குகிறது. செய்தி இதை அடியோடு மறந்துவிட்டது.

இது முதற்கட்டக் கணக்குதான். உண்மையான தளம் விறைப்பானது, சுமையைப் பக்கத்துக் கேபிள்களுக்கும் பகிரும். கட்டும்போது கேபிள்களை இழுத்து இறுக்கும் அளவும் விசைகளை மாற்றும்.